65 அங்குல டிவியில் 1993 கல்யாணக் கேசட்: ஷார்ப்னஸைக் கூட்டினால் கோடு, நாய்ஸ் ரிடக்ஷனைக் கூட்டினால் மெழுகு முகம்

செந்தூல்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். அக்காவின் கல்யாணம் 1993இல் இங்கே செந்தூலில் நடந்தது. அப்போது எடுத்த விஎச்எஸ் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து பென்டிரைவில் போட்டு வாங்கினோம். கைப்பேசியில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் தீபாவளிக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்தபோது 65 அங்குல 4கே டிவியில் போட்டேன், பாதியிலேயே நிறுத்திவிட்டேன். யாராவது நடந்தால் உடம்பைச் சுற்றி படுக்கைக் கோடுகள் வருகின்றன. பட்டுச்சேலைக் கரை எறும்பு ஊர்வது போல அசைகிறது.

சரி என்று செட்டிங்கில் ஷார்ப்னஸைக் கூட்டினேன். கோடுகள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. நாய்ஸ் ரிடக்ஷனை ஹையில் வைத்தேன், முகமெல்லாம் மெழுகு பூசியது போல ஆகிவிட்டது. மேலே இன்னொரு சூப்பர் ரெசல்யூஷன் என்று இருக்கிறது, அதைத் தொட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. எதை எந்த அளவில் வைத்தால் பார்க்கிற மாதிரி வரும்? வரும் வாரம் அக்காவே ஜோகூரிலிருந்து வருகிறார்.

சுருக்கச்செல்வன்:
ஷார்ப்னஸ் 0. நாய்ஸ் ரிடக்ஷன் ஆஃப். மோஷன் ஸ்மூத்திங் ஆஃப். படப் பயன்முறை சினிமா. முடிந்தது. டிவி கம்பெனிக்காரன் கடையில் பளபளவென்று காட்டுவதற்காக வைத்த சாமான்கள் இவை எல்லாம். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் இதைத்தான் செய்வேன்.

மஸ்ஜித்இந்தியா ரசிகன்:
எனக்கும் இதே பிரச்சினைதான். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு காலத்தில் வாங்கிக் குவித்த விசிடி தமிழ்ப் படங்கள் இரண்டு பெட்டி இருக்கின்றன. 55 அங்குலத்தில் போட்டால் முகத்தில் சதுரம் சதுரமாகக் கட்டம் விழுகிறது. செல்வன் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் ஆஃப் செய்தேன், கட்டம் கூடிவிட்டது. செந்தூல் தம்பிக்குச் சொல்கிற பதில் எனக்கும் பொருந்துமா?

நாடாக்காரி:
விசிடி அண்ணா, உங்களுடையது வேறு நோய். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

செந்தூல் தம்பி, செல்வன் சொன்னதைச் செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் நடக்கும்போது கோடு வருகிறது என்றீர்களே, அது டிவி செட்டிங்கால் வந்தது அல்ல, செட்டிங்கால் போகவும் போகாது. முதலில் அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கோப்பைக் கணினியில் மீடியாஇன்ஃபோவில் திறந்து, படத்தின் அகலம், உயரம், ஸ்கேன் வகை ஆகியவற்றை இங்கே ஒட்டுங்கள். அப்புறம் விஎல்சியில் டீஇண்டர்லேஸை ஆஃப் செய்துவிட்டு, யாராவது வேகமாகக் கையசைக்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கையின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு தெரிகிறதா? எல்லாப் பல்லும் ஒரே கனமா, சில தடித்தும் சில மெலிந்தும் இருக்கின்றனவா? அதுதான் முக்கியம்.

செந்தூல்வாசி:
நன்றி அக்கா. இதோ:

```
Width              : 1 920 pixels
Height             : 1 080 pixels
Display aspect ratio : 16:9
Frame rate         : 25.000 FPS
Scan type          : Progressive
```

சீப்புப் பல் இருக்கிறது. ஒரே கனமாக இல்லை. சில இடத்தில் தெளிவாக, சில இடத்தில் கலங்கலாக, பட்டை பட்டையாக மாறி மாறி வருகிறது. இன்னொன்று, எல்லாரும் கொஞ்சம் குண்டாகத் தெரிகிறார்கள். அக்கா இதைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

நாடாக்காரி:
நினைத்தேன். கடைக்காரர் "ஃபுல் எச்டி"யாக்கித் தருகிறேன் என்று சொன்னாரா? அங்கேதான் கெட்டது.

நம் ஊரில் எடுத்த கேசட் எல்லாம் PAL என்ற டிவி முறை. ஒரு நொடிக்கு 25 படம் என்போம், ஆனால் உண்மையில் கேமரா ஒரு நொடிக்கு 50 தடவை பாதிப் படம் எடுத்தது. ஒரு தடவை ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த தடவை இரட்டைப்படைக் கோடுகள். இரண்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு நொடி ஓடிவிடுகிறது. அதற்குள் மாப்பிள்ளையின் கை நகர்ந்திருக்கும். பழைய குழாய் டிவி அந்தப் பாதிப் படங்களை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரைந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இன்றைய திரை முழுப் படத்தை ஒரே நேரத்தில் காட்டுகிறது. ஆகவே யாராவது ஒருவர் அந்தப் பாதிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுப் படமாக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் டீஇண்டர்லேஸ் என்று பெயர்.

உங்கள் கடைக்காரர் அதைச் செய்யவில்லை. இரண்டு பாதிகளும் பின்னிக் கிடந்த 576 வரிப் படத்தை அப்படியே 1080க்கு இழுத்திருக்கிறார். ஒரு வரி 1.875 வரியாகிறது. முழு எண்ணாக இல்லாததால் பக்கத்து வரிகள் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. அதனால்தான் பல் சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் கலங்கியும் தெரிகிறது. இதை மறுபடி சுத்தமாகப் பிரிக்க முடியாது. 4:3 படத்தை அகலத்துக்கும் இழுத்துவிட்டார், அதனால்தான் எல்லாரும் குண்டு.

ஷார்ப்னஸ் ஏன் மோசமாக்கியது என்றால், அது விளிம்பைத் தேடி அழுத்திக் காட்டும் வேலை. சீப்புப் பல்லை விட நல்ல விளிம்பு அதற்கு எங்கே கிடைக்கும்? நாய்ஸ் ரிடக்ஷனும் சூப்பர் ரெசல்யூஷனும் இதே படத்தின் மேல்தான் வேலை செய்கின்றன. கடை உங்களுக்கு டிவிடி ஏதாவது கொடுத்ததா? தேடிப் பாருங்கள்.

சுருக்கச்செல்வன்:
அக்கா, டீஇண்டர்லேஸ் எல்லாம் டிவியே செய்துகொள்ளும். இந்தக் காலத்து 4கே டிவியின் சிப்புக்கு அது ஒரு வேலையே இல்லை. என் டிவியில் டிவிடி போட்டால் ஒரு கோடும் வராது.

நாடாக்காரி:
டிவிடியில் வராது, சரிதான். அந்தக் கோப்பு தன்னை இண்டர்லேஸ் என்று சொல்லிக்கொள்கிறது, டிவியும் பிரித்துவிடுகிறது. செந்தூல் தம்பியின் கோப்பு என்ன சொல்கிறது என்று மேலே பாருங்கள், Progressive. "நான் முழுப் படம்தான்" என்று கோப்பே சொல்லும்போது டிவி ஏன் பிரிக்கப் போகிறது? அதோடு வந்திருப்பது 1080 வரி. எந்த வரி எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று எந்தச் சிப்பாலும் கண்டுபிடிக்க முடியாது.

கெப்போங் அங்கிள்:
தம்பி, 65 எடுக்காதே. ஹால் சின்னதாக இருந்தால் 50 போதும். என் மகன் 75 வாங்கினான், கழுத்து வலிக்கிறது.

செந்தூல்வாசி:
அங்கிள், டிவி வாங்கியாகிவிட்டது. அதில் பழைய வீடியோவை எப்படிப் பார்ப்பது என்றுதான் கேட்கிறேன்.

கெப்போங் அங்கிள்:
ஓ, சரி சரி. அப்படியானால் நாற்காலியைப் பின்னால் தள்ளு. நாம் 1993இல் பார்த்தது 29 அங்குல டிவி, அதன் படம் உயரம் ஒரு முழத்துக்கும் குறைவுதான். இப்போது நீ அதே படத்தை இரண்டு மடங்கு உயரத்தில் போட்டு, அதே சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறாய்.

நாடாக்காரி:
அங்கிள் சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். 65 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 81 செ.மீ. பழைய 29 அங்குல டிவியில் கண்ணுக்குத் தெரிந்த படம் 41 செ.மீ. அளவுதான் இருக்கும். அன்று இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்த அதே தோற்றம் வேண்டுமென்றால் இன்று நான்கு மீட்டர் தள்ள வேண்டும். செந்தூல் அடுக்குமாடி வீட்டு ஹாலில் அதற்கு இடம் ஏது? ஆனாலும் சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து பார்க்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். எந்தச் செட்டிங்கையும் சரிபார்க்கும்போது, நீங்கள் உண்மையில் உட்காரும் இடத்திலிருந்தே பாருங்கள். திரைக்கு முன்னால் ரிமோட்டோடு நின்றுகொண்டு சரிபார்த்தால் எல்லாமே குறையாகத்தான் தெரியும்.

செந்தூல்வாசி:
அக்கா, கிடைத்துவிட்டது! பென்டிரைவோடு ஒரு டிவிடியும் கொடுத்திருக்கிறார்கள். அம்மா அதைப் புடவை அலமாரியில் வைத்திருந்தார். VIDEO_TS என்ற அடைவுக்குள் VTS_01_1.VOB, VTS_01_2.VOB, VTS_01_3.VOB என்று மூன்று பெரிய கோப்புகள். முதலாவதைப் பார்த்தேன்:

```
Width              : 720 pixels
Height             : 576 pixels
Display aspect ratio : 4:3
Frame rate         : 25.000 FPS
Scan type          : Interlaced
Scan order         : Top Field First
```

நாடாக்காரி:
அம்மா அலமாரி வாழ்க. இதுதான் வேண்டும். 576 வரியும் கலையாமல் இருக்கிறது. டிவிடி பிளேயர் இருந்தால் அப்படியே போட்டுப் பாருங்கள், கோடு போயிருக்கும். பிளேயரின் எச்டிஎம்ஐ வெளியீட்டை 1080இல் வைக்காமல் 576இல் வைத்தால் பெரிதாக்கும் வேலை உங்கள் டிவியிடம் போகும். மலிவு பிளேயரை விட டிவி அதைப் பெரும்பாலும் நன்றாகச் செய்யும்.

பென்டிரைவில்தான் வேண்டும் என்றால், மூன்று கோப்பையும் வன்தட்டுக்கு நகலெடுங்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் முதலில் ஒன்றாக ஒட்ட வேண்டும். அப்புறம் எஃப்எஃப்எம்பெக்:

```
copy /b VTS_01_1.VOB+VTS_01_2.VOB+VTS_01_3.VOB kalyanam.vob

ffmpeg -i kalyanam.vob -vf "bwdif=mode=send_field:deint=all,scale=768:576:flags=lanczos,setsar=1" -c:v libx264 -crf 16 -preset slow -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k kalyanam50.mp4
```

send_field என்பதுதான் இதில் உயிர். ஒவ்வொரு பாதிப் படத்தையும் ஒரு முழுப் படமாக்குகிறது, ஆகவே நொடிக்கு 50 படம் கிடைக்கும். பல கடைகள் 25ஆக்கித் தருவார்கள். அப்போது கோடு போகும், ஆனால் நடையில் ஒரு தத்தல் வரும், நேரில் எடுத்த வீடியோவின் வழவழப்பு போய்விடும். 768 என்று அகலத்தை மாற்றியது, சில டிவிகள் பிக்சல் வடிவக் குறிப்பைப் படிக்காமல் ஆளை ஒல்லியாக்கிவிடுகின்றன என்பதற்காக.

முழுவதையும் ஓட்டுவதற்கு முன் -t 60 என்று வெளியீட்டுப் பெயருக்கு முன்னால் சேர்த்து ஒரு நிமிடம் மட்டும் செய்து பாருங்கள். நடப்பவர் முன்னும் பின்னுமாக நடுங்கினால் பாதிப் படங்களின் வரிசை தலைகீழாகப் போயிருக்கிறது என்று பொருள். அப்போது bwdif வரியில் parity=bff என்று சேர்த்தால் போதும்.

செந்தூல்வாசி:
ஐயோ அக்கா, எவ்வளவு வித்தியாசம். மாலை மாற்றும்போது ஒரு கோடு இல்லை. நடுக்கமும் இல்லை. எல்லாரும் ஒல்லியாகிவிட்டார்கள். இன்னொரு ஆச்சரியம், அக்காவின் கூறைப்புடவை இப்போது நல்ல சிவப்பாக இருக்கிறது. பழைய கோப்பில் ஆரஞ்சு அடித்த மாதிரி இருந்தது. நிறத்தை நான் தொடவே இல்லையே?

மிச்சம் இருக்கும் தொல்லைகள்: படத்தின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழிந்து கிழிந்து ஆடுகிறது. வெள்ளை வேட்டியில் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக நிறம் மிதக்கிறது. மண்டபத் தூண் நேராக நிற்காமல் நெளிகிறது.

நாடாக்காரி:
நிறம் மாறியதற்குக் காரணம் உண்டு. சாதாரணத் தெளிவு வீடியோவுக்கு நிறத்தைக் கணக்கிடும் முறை ஒன்று, எச்டிக்கு வேறொன்று. படம் 1080 என்று கண்டால் டிவி எச்டி கணக்கைப் போட்டுவிடும். கடைக்காரர் அளவை மட்டும் பெரிதாக்கி நிறக் கணக்கை மாற்றாமல் விட்டிருக்கிறார். அப்போது சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும், பச்சை கொஞ்சம் இருண்டுவிடும். வாழை மரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அதிலும் தெரியும்.

அடிப் பட்டை எல்லா விஎச்எஸ் படத்திலும் உண்டு. கேசட் பிளேயரின் ஹெட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. பழைய டிவி படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்ததால் நாம் பார்த்ததே இல்லை. கறுப்புப் பட்டை போட்டு மறைத்துவிடலாம்.

நிறத் திட்டுக்கு வருகிறேன். கேசட் வெளிச்சத்தை ஓரளவு நன்றாகவே பதியும், நிறத்தைத்தான் மிகக் கரடுமுரடாகப் பதியும். ஆகவே நிறத்தில் இரைச்சல் அதிகம், வெளிச்சத்தில் குறைவு. டிவி மெனுவில் இருப்பதோ ஒரே ஒரு நாய்ஸ் ரிடக்ஷன். நிறத்துக்கு ஹை, வெளிச்சத்துக்கு லோ என்று சொல்ல அதில் வழியில்லை. திட்டைப் போக்க ஹை வைத்தால், முகத்தின் நுணுக்கமும் சேர்ந்து போய் மெழுகாகிறது. கோப்பிலேயே செய்தால் பிரித்துச் செய்யலாம். மேலே கொடுத்த கட்டளையின் -vf பகுதியை மட்டும் இப்படி மாற்றுங்கள்:

```
-vf "bwdif=mode=send_field:deint=all,hqdn3d=1:4:3:8,drawbox=y=ih-12:w=iw:h=12:color=black:t=fill,scale=768:576:flags=lanczos,setsar=1"
```

hqdn3d-க்குப் பின் வரும் நான்கு எண்ணில் முதலாவதும் மூன்றாவதும் வெளிச்சத்துக்கு, இரண்டாவதும் நான்காவதும் நிறத்துக்கு. கடைசி இரண்டும் பக்கத்துப் படங்களோடு சேர்த்துச் சராசரி எடுக்கும் அளவு. வெளிச்சத்துக்கு உரியதைக் கூட்ட ஆசை வரும், கூட்டாதீர்கள். எவ்வளவு அதிகம் என்று தெரிய உங்கள் வீடியோவிலேயே ஒரு சோதனை இருக்கிறது: அட்சதை போடும் காட்சி. ஒவ்வொரு அரிசியும் ஒரு படத்தில் ஓர் இடத்தில் இருக்கும், அடுத்த படத்தில் அங்கே இருக்காது. மின்னி மறையும் இரைச்சலும் அப்படித்தான். மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று. நாய்ஸ் ரிடக்ஷன் அதிகமானால் தாலி கட்டியதும் எல்லாரும் கையை வீசுவார்கள், ஆனால் அட்சதையே விழாது. டிவியின் நாய்ஸ் ரிடக்ஷனையும் இதே காட்சியில் சோதியுங்கள்.

தூண் நெளிவதற்கு என்னிடம் மருந்து இல்லை. கேசட் ஓடும்போதே ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்பின்னாகத் தொடங்கியிருக்கிறது. வரிகளின் தொடக்கத்தை ஒழுங்குபடுத்தும் டிபிசி என்ற சுற்று உள்ள நல்ல பிளேயரில் மறுபடி ஓட்டிப் பதிந்தால்தான் நேராகும். டிவியிலோ கோப்பிலோ செய்வதற்கு ஒன்றும் இல்லை.

செந்தூல்வாசி:
அட்சதை விஷயம் உண்மை! டிவியில் ஹை வைத்துப் பார்த்தேன், ஒரு அரிசி இல்லை. லோவில் பாதி. ஆஃபில் மழை.

சுருக்கச்செல்வன்:
நான் முதலிலேயே ஆஃப் என்றுதானே சொன்னேன். ஷார்ப்னஸும் 0.

நாடாக்காரி:
நாய்ஸ் ரிடக்ஷனில் வெற்றி உங்களுக்குத்தான் செல்வன். ஆனால் ஷார்ப்னஸ் 0 என்று எல்லா டிவிக்கும் சொல்லாதீர்கள். என் வீட்டில் சோனி. அதில் நடுவில் உள்ள 50தான் ஒன்றும் செய்யாத நிலை. அதற்குக் கீழே போனால் டிவியே படத்தை மங்கலாக்குகிறது. சில டிவியில் 0தான் ஒன்றும் செய்யாத நிலை. எண்ணை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும்.

தம்பி, உங்கள் வீடியோவின் மூலையில் கேமரா பதித்த தேதி இருக்கிறதா? இருந்தால் அங்கே நிறுத்துங்கள். வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கறுப்பாகவோ, கருந்தலை முடியைச் சுற்றி வெள்ளையாகவோ ஒரு நிழல் கோடு தெரியும். ஷார்ப்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்துக்குமேல் அந்த நிழல் குறையாது, எழுத்துதான் மங்கத் தொடங்கும். அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். முழுவதும் போகாது. பழைய கேமராவும் பிளேயரும் அன்றைக்கே தங்கள் பங்குக்கு விளிம்பை அழுத்திவிட்டிருக்கின்றன, அந்த நிழல் படத்தோடு பிறந்தது. அதன்மேல் நாம் இன்னொரு நிழல் போடக் கூடாது, அவ்வளவுதான். விஎச்எஸ் கேசட்டில் படுக்கைவாட்டில் கிட்டத்தட்ட 240 வரி நுணுக்கம்தான் உண்டு. 3840 பிக்சலில் காட்டினாலும் உள்ளே இருப்பது அதேதான்.

மஸ்ஜித்இந்தியா ரசிகன்:
அக்கா, என் விசிடி...

நாடாக்காரி:
மறக்கவில்லை அண்ணா. விசிடி 352க்கு 288. பாதிப் படம் என்ற தகராறே அதில் இல்லை, அதனால் நான் மேலே சொன்ன டீஇண்டர்லேஸ் கட்டளையை ஓட்டாதீர்கள், இருப்பதும் கெடும். உங்கள் கட்டம் சுருக்கத்தால் வந்தது. ஒரு முழுப் படத்தை இரண்டு தட்டில் அடக்குவதற்காக நொடிக்கு 1150 கிலோபிட்டில் பிழிந்திருக்கிறார்கள். பாட்டுக் காட்சியில் ஆட்டம் கூடும்போது கட்டமும் கூடும், கவனித்துப் பாருங்கள். டிவியில் இரண்டு விதமான நாய்ஸ் ரிடக்ஷன் இருந்தால், எம்பெக் அல்லது டிஜிட்டல் என்று பெயர் போட்டது இந்தக் கட்டத்துக்காகவே இருப்பது. அதை மீடியம் அல்லது ஹையில் வையுங்கள். இன்னொன்றை ஆஃபில் விடுங்கள். செல்வன் சொன்னபடி எல்லாவற்றையும் ஆஃப் செய்ததும் கட்டம் கூடியதற்கு அதுதான் காரணம். ஷார்ப்னஸைக் கட்டாயம் குறையுங்கள், கட்டத்தின் ஓரமும் அதற்கு விளிம்புதான்.

மஸ்ஜித்இந்தியா ரசிகன்:
எம்பெக் ஹை வைத்தேன். கட்டம் குறைந்தது. ஆனால் வில்லன் மீசை கொஞ்சம் கரைந்துவிட்டது. மீடியத்தில் நிற்கிறேன்.

சைபர்ஜெயா பையன்:
இவ்வளவு பாடு எதற்கு? டீஇண்டர்லேஸ் செய்த கோப்பை ஏஐ அப்ஸ்கேல் மென்பொருளில் போட்டு 4கே ஆக்கிவிடுங்கள். நான் தாத்தாவின் தைப்பூச வீடியோவை அப்படித்தான் செய்தேன். பத்துமலைப் படிக்கட்டு ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி வந்தது.

நாடாக்காரி:
படிக்கட்டு வரும். நேர்க்கோடும் கட்டடமும் அதற்கு எளிது. தூரத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பாருங்கள். ஒரு முகம் பத்துப் பதினைந்து பிக்சல்தான் இருந்தால், மென்பொருள் கண்ணும் மூக்கும் தானே வரைந்துவிடும். நேர்த்தியாகத்தான் இருக்கும், ஆனால் யார் என்று தெரியாது. கல்யாண வீடியோவில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்க்கத்தானே போடுகிறோம்?

சைபர்ஜெயா பையன்:
முகத்துக்கான வசதியை ஆஃப் செய்துவிட்டு மெதுவாக வைத்தால் அவ்வளவு மோசமில்லை அக்கா. நெருக்கமான காட்சிகளில் டிவி பெரிதாக்குவதை விட நன்றாகவே இருக்கிறது. குறைந்தது 1080ஆக்கியாவது கொடுக்கலாம். சில டிவியின் யுஎஸ்பி பிளேயர் 576 கோப்பை மங்கலாகக் காட்டுகிறது.

நாடாக்காரி:
கடைசி வரி உண்மை, அதை நானும் கண்டிருக்கிறேன். எச்டிஎம்ஐயில் வந்தால் நன்றாகக் காட்டும் அதே டிவி, பென்டிரைவில் 576ஐ மட்டமாகப் பெரிதாக்கும். அப்படிப்பட்ட டிவி என்றால் கோப்பிலேயே 1440க்கு 1080 ஆக்குங்கள், நிறக் கணக்கையும் சேர்த்து மாற்றுங்கள். scale=1440:1080:flags=lanczos:in_color_matrix=bt601:out_color_matrix=bt709 என்று. ஏஐ பற்றி நாம் ஒத்துப்போகப் போவதில்லை. செய்தாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள், அது போதும்.

செந்தூல்வாசி:
நான் 576இலேயே விட்டுவிட்டேன். என் டிவியில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இப்போதைய நிலை: சினிமா பயன்முறை, நாய்ஸ் ரிடக்ஷன் ஆஃப், சூப்பர் ரெசல்யூஷன் லோ, மோஷன் ஸ்மூத்திங் ஆஃப், ஷார்ப்னஸ் தேதி எழுத்தைப் பார்த்துச் சரிசெய்தது. திரையின் இரு பக்கமும் கறுப்பு விட்டு 4:3.

அம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. "முன்பு போட்டதில் முகம் வழவழவென்று வெள்ளையாக இருந்ததே, ஏன் மாற்றினாய்" என்கிறார். அப்பாவுக்குப் பக்கத்துக் கறுப்புப் பிடிக்கவில்லை, "காசு கொடுத்து முழுத் திரை வாங்கினேன்" என்கிறார். நான் இல்லாத நேரத்தில் யாரோ ரிமோட்டில் அகலத்தை இழுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு கேள்வி. தூண் நெளிவதைச் சரிசெய்ய மூலக் கேசட்டை மறுபடி பதியலாமா? கேசட் இருக்கிறது. சன்னல் வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி மாதிரி இருக்கிறது.

கெப்போங் அங்கிள்:
என்னிடம் பிளேயர் இருக்கிறது தம்பி, இன்னும் ஓடுகிறது. கொண்டுவா, போட்டுப் பார்ப்போம்.

நாடாக்காரி:
அங்கிள், வேண்டாம்! வெள்ளைப் பொடி என்றால் பூஞ்சணம். நம் ஊர் ஈரத்துக்கு அலமாரியில் கிடந்த கேசட்டில் பாதிக்கு இது வரும். அப்படியே ஓட்டினால் பொடி ஹெட்டில் ஒட்டிப் படம் போகும், நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் கிழியும். அப்புறம் அதே பிளேயரில் போடும் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். தம்பி, அதைத் தனியாக ஒரு பையில் போட்டு, உலர்ந்த இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். பூஞ்சணம் துடைத்துத் தரும் இடத்தில் மட்டும் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: டிபிசி உண்டா, 576 இண்டர்லேஸாகவே கோப்பைத் தருவார்களா, அளவைப் பெரிதாக்காமல் தருவார்களா. "ஃபுல் எச்டி ஆக்கித் தருகிறோம்" என்று ஆரம்பித்தால் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கெப்போங் அங்கிள்:
அப்படியா. என் பிளேயரில் நேற்றுத்தான் பழைய கேசட் ஒன்று போட்டேன், படம் மங்கலாக வந்தது. ஹெட்டை எதை வைத்துத் துடைப்பது?